பெரிய லிமிட் ஆர்டர் துண்டு துண்டாக நிறைவேறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

250.40 லிமிட்டில் 10,000 பங்கு வாங்க ஒரே ஆர்டர்தான் போட்டேன். 7,800 மட்டும் கிடைத்திருக்கிறது, அதுவும் நான்கு விலைகளில். ஏன்?

உங்கள் ஆர்டர் சந்தையை அடைந்த நொடியில் விற்பவர்கள் வரிசை இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் முழுக்க இதே எடுத்துக்காட்டுதான் வரும்.

```
விற்பனை விலை    அளவு
250.10          1,200
250.20          2,300
250.30          1,800
250.40          2,500
250.50          4,000
```

வாங்கும் பக்கத்தில் அப்போதைய சிறந்த விலை 250.00. நீங்கள் 250.40 வரை தரத் தயார் என்று சொல்லியிருக்கிறீர்கள். பொருத்தும் எந்திரம் இருப்பதிலேயே மலிவான விற்பனையில் தொடங்கும். 250.10-ல் உள்ள 1,200 முழுவதும் உங்களுக்கு வரும். அந்த விலை காலியானதும் 250.20-க்கு ஏறி 2,300, பிறகு 250.30-ல் 1,800, கடைசியாக 250.40-ல் 2,500. கூட்டினால் 7,800. அடுத்த விற்பனை 250.50-ல் இருக்கிறது, அது உங்கள் லிமிட்டைத் தாண்டியது. எந்திரம் அங்கே நின்றுவிடும். மீதி 2,200 அதே ஆர்டர் எண்ணில், 250.40 விலையில், வாங்கும் பக்கத்தில் காத்திருக்கும்.

லிமிட் ஆர்டர் உறுதி சொல்வது விலைக்கு மட்டுமே, அளவுக்கு அல்ல. 250.40-க்கு மேல் ஒரு பங்கும் வாங்காது என்பது உறுதி. 10,000-மும் கிடைக்கும் என்பது அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

லிமிட் 250.40 என்று கொடுத்தேன். 250.10-க்கு எப்படிக் கிடைத்தது? பின்னால் திருத்திவிடுவார்களா?

திருத்த மாட்டார்கள், அது சரியான விலைதான். இரண்டு ஆர்டர்கள் பொருந்தும்போது காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலான புக்கில் முன்பே நின்றுகொண்டிருந்த ஆர்டரின் விலையில்தான் வர்த்தகம் நடக்கும். 250.10-க்கு விற்கக் காத்திருந்தவரின் விலையே அங்கே செல்லும். நீங்கள் கொடுத்த 250.40 மேல் எல்லை மட்டுமே.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மீதி 2,200 இப்போது நின்றுகொண்டிருக்கும் ஆர்டராகிவிட்டது. இனி 249.90 வரைக்கும் விற்கத் தயார் என்று ஒருவர் வந்தாலும், உங்களோடு பொருந்தும்போது விலை 250.40-தான். முதல் 5,300 பங்கில் லிமிட்டைவிடக் குறைந்த விலை கிடைத்ததுபோல மீதியிலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

விலை நான்குதான். ட்ரேட் பட்டியலில் மட்டும் ஏன் 11 வரிகள்?

ஒரு விலையில் தெரியும் அளவு ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டியதில்லை. 250.10-ல் தெரிந்த 1,200 என்பது 500, 400, 300 என மூன்று பேரின் ஆர்டர்களாக இருக்கலாம். ஒவ்வொருவரோடும் நடப்பது தனி வர்த்தகம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு.

பெரும்பாலான பங்குச் சந்தைகளில் ஒரே விலைக்குள் யார் முதலில் வந்தார்களோ அவருக்கே முதல் உரிமை. சில எதிர்கால ஒப்பந்தச் சந்தைகளில் வரிசைக்குப் பதிலாக அளவின் விகிதப்படி பிரித்துக் கொடுக்கும் முறையும் உண்டு. அங்கே நீங்கள் புக்கில் காத்திருக்கும் பக்கமாக இருந்தால் துண்டுகள் இன்னும் சிறிதாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் வரும்.

கட்டணத்தில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தரகர் குறைந்தபட்சக் கட்டணத்தை ஆர்டருக்கு ஒருமுறை வசூலிக்கிறாரா, ட்ரேட்டுக்கு ஒருமுறையா? இரண்டாவது என்றால் 11 துண்டு 11 கட்டணம். ஆர்டர் மறுநாளும் தொடரும் வகை என்றால், நாளுக்கு ஒரு குறைந்தபட்சக் கட்டணம் விழும் இடங்களும் உண்டு.

சராசரி விலையை நான் 250.25 என்று கணக்கிட்டேன். திரை 250.2718 என்கிறது. எது சரி?

திரைதான் சரி. நீங்கள் நான்கு விலைகளையும் கூட்டி நான்கால் வகுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு விலையிலும் கிடைத்த அளவு வேறு என்பதால், விலையை அளவால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

```
1,200 × 250.10 =   300,120
2,300 × 250.20 =   575,460
1,800 × 250.30 =   450,540
2,500 × 250.40 =   626,000
7,800            1,952,120

1,952,120 ÷ 7,800 = 250.2718
```

250.25 என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு 170 குறைவாகத் தெரியும். சிறிய தொகைதான், ஆனால் பிழை எந்தத் திசையில் போகிறது என்பதைக் கவனியுங்கள். இந்தப் புக்கில் மேல் விலையில்தான் அதிக அளவு இருக்கிறது. அதனால் வெறும் சராசரி உங்கள் செலவைக் குறைத்தே காட்டும்.

பெரிய ஆர்டரின் உண்மையான விலை என்ன என்று பார்க்க இன்னொரு ஒப்பீடு தேவை. ஆர்டர் போகும் முன் நடுவிலை 250.00-க்கும் 250.10-க்கும் இடையில், அதாவது 250.05. அந்த விலையில் 7,800 பங்கின் மதிப்பு 1,950,390. நீங்கள் கொடுத்ததோ 1,952,120. வித்தியாசம் 1,730. புக்கில் நான்கு படி ஏறியதற்கு நீங்கள் கொடுத்த விலை இது. தரகுக் கட்டணத்தைப் பைசா பைசாவாக ஒப்பிடுபவர்களும் இந்தத் தொகையைக் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய ஆர்டர்களில் பெரும்பாலும் இதுதான் பெரிய செலவு.

மீதி 2,200 இப்போது எங்கே இருக்கிறது? நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

வாங்கும் பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. 250.40-ல் நின்ற விற்பனை முழுவதையும் நீங்களே எடுத்துவிட்டதால் இப்போது சிறந்த வாங்கும் விலை 250.40, அளவு 2,200. சிறந்த விற்கும் விலை 250.50. புக்கைப் பார்க்கும் எல்லோருக்கும் இது தெரியும். நான்கு விலைகளைத் துடைத்த ஒருவர் இன்னும் வாங்க நிற்கிறார் என்பதும் புரியும்.

எதுவும் செய்யாமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். யாராவது 250.40-க்கோ அதற்குக் கீழோ விற்க வந்தால் மீதியும் நிறைவேறும். முழுதும் கிடைத்தால் இன்னும் 550,880 சேர்ந்து மொத்தம் 2,503,000. 10,000-க்குச் சராசரி சரியாக 250.30. விலை மேலே போய்விட்டால் மீதி நிறைவேறாமல் நிற்கும். பிறகு 251.20-ல் துரத்தி வாங்கினால் அந்த 2,200-க்கு மட்டும் கூடுதலாக 1,760 போகும்.

இங்கே ஒரு சாய்வு இருக்கிறது. நிற்கும் வாங்கும் ஆர்டர் விலை இறங்கும்போதுதான் எளிதாக நிறைவேறும், ஏறும்போது நிறைவேறாது. ஆகவே மீதி மடமடவென்று கிடைத்துவிட்டால் அதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பவர்கள் திரும்ப வந்துவிட்டார்கள் என்பதும் அதற்கு அர்த்தம்.

ஆர்டர் அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் வகை என்றால், நாள் முடிவில் மீதி காலாவதியாகும். வாங்கிய 7,800 உங்களுடையதே. அதை எதுவும் பாதிக்காது.

திரையில் 250.40-க்கு வர்த்தகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வரிசையில் முதலில் நிற்கும் என் 2,200 மட்டும் ஏன் அசையவில்லை?

உண்மையிலேயே முதலில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். நடுவில் ஆர்டரைத் திருத்தினீர்களா? விலையை மாற்றினாலோ அளவைக் கூட்டினாலோ வரிசையில் பிடித்த இடம் போய்விடும். 250.35-க்கு இறக்கிவிட்டு மறுபடி 250.40-க்கு ஏற்றினால், இடையில் 250.40-க்கு வந்தவர்கள் அனைவருக்கும் பின்னால் நிற்பீர்கள். அளவைக் குறைத்தால் மட்டும் பெரும்பாலான சந்தைகளில் இடம் மாறாது.

திருத்தவில்லை என்றால், அந்தப் பங்கு ஒன்றுக்கு மேற்பட்ட சந்தைகளில் வர்த்தகமாகிறதா என்று பாருங்கள். திரை எல்லாச் சந்தைகளின் வர்த்தகத்தையும் சேர்த்துக் காட்டலாம். உங்கள் ஆர்டரோ ஒரே சந்தையின் வரிசையில்தான் நிற்கிறது. பக்கத்துச் சந்தையில் நடப்பது உங்கள் வரிசையைக் குறைக்காது.

மீதி 2,200-ஐ 1,000 ஆகக் குறைக்க வேண்டும். அளவு என்ற இடத்தில் எந்த எண்ணைப் போடுவது?

இங்கேதான் அதிகப் பிழை நடக்கிறது, பணமும் போகிறது. சில மென்பொருளில் திருத்தும் அளவு என்பது ஆர்டரின் மொத்த அளவு, ஏற்கனவே நிறைவேறியதையும் சேர்த்து. கணினிகள் ஆர்டர் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் பிக்ஸ் நெறிமுறையில் `OrderQty` அப்படித்தான். அங்கே 7,800-உடன் 1,000 சேர்த்து 8,800 என்று போட வேண்டும். வேறு சில மென்பொருளில் அதே இடம் மீதி அளவைக் குறிக்கும், அங்கே 1,000.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? மொத்தம் கேட்கும் இடத்தில் 1,000 என்று கொடுத்தால், அது நிறைவேறிய 7,800-ஐவிடக் குறைவு. பெரும்பாலும் கோரிக்கை நிராகரிக்கப்படும், அல்லது மீதி முழுவதும் ரத்தாகும். எரிச்சலூட்டும், அவ்வளவுதான். மீதி கேட்கும் இடத்தில் 8,800 என்று கொடுத்தால், இன்னும் 8,800 வாங்கச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள். அனுப்பும் முன் உறுதிப்படுத்தும் திரையில் நிலுவை அளவு எவ்வளவு என்று படியுங்கள். உறுதியாகத் தெரியாத மென்பொருளில் மீதியை ரத்து செய்துவிட்டு, ரத்து உறுதியானதும் புதிதாக 1,000-க்கு ஆர்டர் போடுவதே பாதுகாப்பு. வரிசை இடம் போகும். தவறான அளவைவிட அது மேல்.

மீதியை ரத்து செய்த பிறகும் 400 பங்கு வந்திருக்கிறது. ரத்து வேலை செய்யவில்லையா?

ரத்து என்பது கோரிக்கை. நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கும் அது பொருத்தும் எந்திரத்தை அடைவதற்கும் இடையில் யாரோ 400 பங்கை 250.40-க்கு விற்றிருக்கிறார். எந்திரம் வந்த வரிசையில் செய்திகளை எடுக்கும்: முதலில் அந்த விற்பனை, பிறகு உங்கள் ரத்து. முடிவில் நிறைவேறியது 8,200, ரத்தானது 1,800. அந்த இடைவெளியில் 2,200-மே போயிருந்தால் ரத்துக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, தாமதம் என்ற காரணம் வரும்.

ஆர்டரின் இறுதி நிலை ரத்து என்று காட்டினால் எதுவும் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆர்டர் ரத்தானதுதான். 8,200 பங்கும் உங்கள் கணக்கில் இருக்கிறது. நிலையைச் சொல்லும் சொல்லைப் பார்க்காமல் நிறைவேறிய அளவைப் பாருங்கள். ரத்து உறுதியாகும் முன்பே மாற்று ஆர்டரை 2,200-க்கு அனுப்பியவர் இப்போது 10,400 பங்கோடு நிற்பார்.

பாதி பாதியாக வாங்கவே வேண்டாம். தடுக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் வேறு எதையோ விட்டுக்கொடுக்கச் சொல்லும்.

உடனே கிடைப்பதை எடுத்து மீதியை ரத்து செய்யும் வகை, ஐஓசி. நம் புக்கில் 7,800 கிடைக்கும். 2,200 புக்கில் நிற்காமல் மறைந்துவிடும். பகுதி நிறைவேற்றத்தை இது தடுக்காது; மீதி வெளியே தெரிவதை மட்டும் தடுக்கும்.

முழுதும் அல்லது எதுவுமில்லை என்று உடனே முடிவெடுக்கும் வகை, எஃப்ஓகே. 250.40 லிமிட்டில் 10,000 இல்லை என்பதால் ஒரு பங்கும் கிடைக்காது. லிமிட்டை 250.50 ஆக்கினால் முழு 10,000-மும் ஒரே மூச்சில் கிடைக்கும்: கடைசி 2,200-க்கு 551,100, மொத்தம் 2,503,220, சராசரி 250.322. காத்திருந்து 250.40-க்கே மீதியை வாங்கியிருந்தால் ஆகும் செலவைவிட 220 மட்டுமே அதிகம். உறுதிக்கு 220 கொடுப்பது, 1,760 இழக்கும் வாய்ப்போடு ஒப்பிட்டால் பல சமயம் நியாயமான விலை. ஆனால் 250.50-ல் 4,000 நின்றதால்தான் இந்தக் கணக்கு. அங்கே 300 மட்டும் நின்று அடுத்த விற்பனை 251.80-ல் இருந்தால் முடிவு முற்றிலும் வேறு.

எஃப்ஓகே-யும் ஒரே விலையில் கிடைக்கும் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அளவு முழுதாகும், விலைகள் ஐந்தாகத்தான் இருக்கும். இந்த வகைகளை எல்லாச் சந்தையும் எல்லாத் தரகரும் தருவதில்லை.

திரையில் 250.40 வரை 7,800 தெரிந்தது. சில நேரம் அதைவிடக் கூடுதலாகவும் சில நேரம் குறைவாகவும் கிடைக்கிறதே?

கூடுதலாகக் கிடைத்தால் மறைந்திருந்த அளவு ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள். 250.20-ல் ஒருவர் 1,500 விற்க வைத்து 500 மட்டும் வெளியே காட்டியிருக்கலாம். காட்டிய 500 தீர்ந்ததும் அடுத்த 500 அதே விலையில், வரிசையின் கடைசியில் வந்து நிற்கும். உங்கள் ஆர்டர் அதையும் எடுத்த பிறகே 250.30-க்கு ஏறும். ட்ரேட் பட்டியலில் ஒரே விலையில் ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குறைவாகக் கிடைத்தால், நீங்கள் பார்த்த புக் பழையது. உங்கள் ஆர்டர் போய்ச் சேரும் முன் சிலர் விற்பனையை ரத்து செய்திருப்பார்கள், அல்லது வேறொருவர் முந்தியிருப்பார்.

7,800 தான் கையில் இருக்கிறது. விலை குறிப்பிட்ட இடத்துக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் 7,800-க்கா, 10,000-க்கா?

நிறைவேறிய அளவுக்குத்தான், இப்போது 7,800. 10,000-க்கு வைத்து, மீதி ரத்தான அல்லது காலாவதியான பிறகு அது தூண்டப்பட்டால், கையில் இல்லாத 2,200-ஐயும் சேர்த்து விற்றுவிடும்.

7,800-க்கு வைத்துவிட்டு மறந்தாலும் ஓட்டை இருக்கிறது. ஸ்டாப் 248.00-ல் என்று வையுங்கள். விலை இறங்கத் தொடங்கினால் 248.00-ஐத் தொடும் முன் 250.40-ஐக் கடந்தாக வேண்டும். அப்போது நிற்கும் 2,200-ம் வாங்கப்பட்டுவிடும். பிறகு ஸ்டாப் 7,800-ஐ மட்டும் விற்கும். 2,200 பங்கு இறங்கும் சந்தையில் பாதுகாப்பின்றி நிற்கும். ஆகவே ஒவ்வொரு துண்டு வந்ததும் ஸ்டாப் அளவைக் கூட்ட வேண்டும், இல்லையேல் ஸ்டாப் வைக்கும்போதே மீதியை ரத்து செய்துவிட வேண்டும். உங்கள் மென்பொருள் தானாகவே ஸ்டாப்பை இணைப்பதானால், முதல் துண்டிலேயே வைக்கிறதா, முழுதும் நிறைவேறிய பிறகா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது என்றால் இப்போது 7,800-க்கும் ஸ்டாப் இல்லை.

நிரல் எழுதி ஆர்டர் அனுப்புகிறேன். முதல் விலையில் 1,200 தான் வாங்கியது, என் நிரல் 2,600 என்கிறது.

நீங்கள் கூட்டக் கூடாத எண்ணைக் கூட்டுகிறீர்கள். வரும் செய்திகளைப் பாருங்கள்:

```
LastQty=500  LastPx=250.10  CumQty=500   LeavesQty=9500
LastQty=400  LastPx=250.10  CumQty=900   LeavesQty=9100
LastQty=300  LastPx=250.10  CumQty=1200  LeavesQty=8800
```

`LastQty` இந்தத் துண்டின் அளவு. `CumQty` இதுவரை சேர்ந்த மொத்தம். `LeavesQty` இன்னும் நிற்கும் மீதி. 500, 900, 1,200 ஆகியவற்றைக் கூட்டினால்தான் 2,600 வரும். `LastQty`-ஐக் கூட்டுங்கள், அல்லது கடைசி `CumQty`-ஐ அப்படியே எடுங்கள். இரண்டையும் தனித்தனியே வைத்து ஒத்துப்போகிறதா என்று சோதிப்பது இன்னும் நல்லது. ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு செய்தி தவறியிருக்கிறது அல்லது இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. இணைப்பு அறுந்து மீண்டும் சேரும்போது பழைய செய்திகள் திரும்ப வரலாம். ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் உரிய எண்ணான `ExecID` ஏற்கனவே பார்த்ததாக இருந்தால் அதைக் கூட்டாமல் விடுங்கள்.

ஆர்டர் நிற்கும்வரை `CumQty`-உம் `LeavesQty`-உம் சேர்ந்து மொத்த அளவுக்குச் சமம். ரத்தானதும் `LeavesQty` சுழியாகிவிடும். அந்தச் சமன்பாடு அதன் பிறகு பொருந்தாது. மொத்தத்திலிருந்து `LeavesQty`-ஐக் கழித்து நிறைவேறிய அளவைக் கண்டுபிடிக்கும் நிரல், 7,800-ல் ரத்தான ஆர்டரை 10,000 வாங்கியதாகப் பதிவு செய்துவிடும்.